நடுநிசி தாண்டி ஒன்றரைக்கு ஓட்டம்: அந்த மாலையில் யாராவது தூங்கியிருக்கிறீர்களா?

பாயான் பாரு ஓட்டக்காரன்

பினாங்குப் பால மாரத்தான், முழுத் தூரம். ஓடியவர்களுக்குத் தெரியும், என் பிரிவுக்குப் புறப்பாடு ஒன்றரை மணி. குவீன்ஸ்பே பக்கம் சாலையை மூடிவிடுவார்கள் என்று பன்னிரண்டுக்கே போய் நிற்க வேண்டும். ஆக, சனிக்கிழமை மாலையிலேயே தூங்கியாக வேண்டும்.

எட்டு மணிக்கு விளக்கை அணைத்துப் படுத்தேன். பக்கத்து வீட்டில் டிவி ஓடுகிறது, கீழே மோட்டார் சைக்கிள் சத்தம். கண்ணை மூடினால் இதயம் காதுக்குள் அடிக்கிறது. எழுந்து போய்ச் சட்டையில் குத்தியிருந்த எண் அட்டையைப் பார்த்தேன். இடது மேல் ஊக்கு கொஞ்சம் சாய்ந்திருந்தது. கழற்றித் திரும்பக் குத்தினேன், படுத்தேன். மனசு கேட்கவில்லை. மறுபடி எழுந்து நாலு ஊக்கையும் கழற்றிக் குத்தினேன், சட்டையில் ஓட்டையே விழுந்துவிட்டது. பத்தரைக்கு அலாரம் அடிக்கும்வரை ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

ஓட்டத்தை நினைத்த நேரத்துக்கே முடித்தேன். ஆனால் அந்த இரண்டரை மணி நேரம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. திரும்பவும் பெயர் கொடுத்திருக்கிறேன். அந்த நேரத்தை நீங்கள் எப்படிக் கடத்துகிறீர்கள்?

செந்தூல் தம்பி

அண்ணே, எனக்கும் இதே கதைதான், கேஎல் மாரத்தானில். விடியுமுன்னே டத்தாரான் மெர்டேக்காவில் நிற்க வேண்டும். நான் சளிக்குப் போடும் சின்ன மஞ்சள் மாத்திரை ஒன்றை எட்டு மணிக்குப் போட்டேன், ஒன்பதுக்கெல்லாம் தூங்கிவிட்டேன். எழுப்பினது அம்மாதான், அலாரம் கேட்கவே இல்லை.

ஓடும்போது வாய் மட்டும் ரொம்பக் காய்ந்தது. ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடித்தேன். அது புழுக்கத்தால் என்று நினைக்கிறேன். எப்படியோ தூக்கம் வந்ததே, அதுதான் முக்கியம். தூங்காமல் ஓடினால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவோம்.

பட்டர்வொர்த் தாதி

தம்பி, வாய் காய்ந்தது புழுக்கத்தால் மட்டும் இருக்காது. நீங்கள் சொல்வது பிரிட்டோன் என்ற சளி மாத்திரை மாதிரி என்றால், அதன் வேலையே அப்படித்தான். வாயை உலர்த்தும், வியர்வையையும் குறைக்கக்கூடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உடம்பைக் குளிர வைப்பதே வியர்வைதான். மாத்திரையின் மயக்கமும் நாலைந்து மணி நேரத்தில் தெளியாது, மறுநாளும் இழுக்கும். அலாரம் கேட்காமல் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஓட்டத்துக்கு முன் இது வேண்டாம்.

தூங்காவிட்டால் பாதியில் உட்கார்ந்துவிடுவோம் என்பதிலும் பாதிதான் சரி. ஒரே ஒரு இரவு தூக்கம் கெட்டால் நெஞ்சும் காலும் அவ்வளவாகப் பலம் இழப்பதில்லை. அதே வேகம் கொஞ்சம் அதிகக் கஷ்டமாகத் தோன்றும், அவ்வளவுதான். அதற்கு முந்தின இரண்டு மூன்று இரவும் கெட்டிருந்தால்தான் நிலைமை வேறு. அண்ணன் நினைத்த நேரத்துக்கு முடித்தாரே, பாருங்கள்.

நான் இரவு வேலை பார்ப்பவள். புதிதாக வரும் பிள்ளைகள் எல்லாரும் அண்ணன் செய்ததைத்தான் செய்வார்கள். மாலை ஏழு எட்டுக்குப் படுத்துவிட்டு, தூக்கமே வரவில்லை அக்கா என்று கண் சிவந்து வருவார்கள். நாம் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தின இரண்டு மூன்று மணி நேரம்தான் உடம்பு நன்றாக விழித்திருக்கும் நேரம். பதினொன்றுக்குத் தூங்குகிறவர் எட்டுக்குப் படுத்தால் பதற்றமே இல்லாவிட்டாலும் தூக்கம் சுலபமாக வராது. மதியம் ஒன்றரையிலிருந்து நாலு வரை உடம்பு தானாகவே சாயும். தூங்க வேண்டிய நேரம் அதுதான்.

ஒன்றரை மணி ஓட்டத்துக்கு என் தம்பிக்கு நான் சொன்னது இது. சனிக்கிழமை காலை கோப்பியோடு நிறுத்திக்கொள். மதியம் குடித்தால் அதில் பாதி மாலை ஐந்தாறு மணிக்கும் உடம்பில் இருக்கும். பன்னிரண்டரைக்குச் சோறு, காரம் குறைத்து. ஒன்றரைக்குத் திரைச்சீலையை மூடிவிட்டுப் படு. ஆறரைக்கு ரொட்டியும் வாழைப்பழமும். பிறகு ஒரு தாளில், எழுந்ததும் செய்ய வேண்டியதை வரிசையாக எழுது: தண்ணீர், கழிவறை, காலில் வாசலின், சாவி எங்கே, வண்டியை எங்கே விடுவது. கவலையை எழுதாதே, வேலையை எழுது. அண்ணனைத் திரும்பத் திரும்ப ஊக்கு குத்த வைத்ததும் முடியாத வேலை ஒன்று மனதில் சுற்றியதுதான். தாளில் இறங்கிவிட்டால் மனசு அதைக் காவல் காக்காது.

எட்டரைக்குச் சும்மா படு. தூங்க முயலாதே. நாலு எண்ணும்வரை மூக்கால் இழு, ஆறு எண்ணும்வரை விடு, பத்து நிமிடம். இது தூக்க மருந்து இல்லை, நாடித் துடிப்பை இறக்கத்தான். விரல் நுனியோ உதடோ மதமதத்தால் மூச்சை அதிகமாக இழுக்கிறாய் என்று அர்த்தம், மெதுவாக்கிக்கொள். கைக்கடிகாரத்தைக் கழற்றி அடுத்த அறையில் வை. படுத்தபடி துடிப்பைப் பார்த்தால் அது ஏறத்தான் செய்யும்.

கிள்ளான் அப்பா

என் மகளுக்கும் இதே பிரச்சினை, அவள் சிலம்பம் ஆடுகிறாள். கோலாலம்பூரில் போட்டி என்றால் முந்தின ராத்திரி வாந்தியே எடுத்துவிடுவாள். ஒரு தடவை பன்னிரண்டு மணிக்கு அவள் அறையை எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள், போர்வைக்குள் கால் விரல்கள் மட்டும் அசைகின்றன. காலடி வரிசையை முதலிலிருந்து மனதுக்குள்ளேயே போட்டுப் பார்க்கிறாளாம். பாதி வரிசையில் தூங்கிவிட்டாள். வாந்திக்கு என்ன செய்யலாம், யாராவது சொல்லுங்களேன்.

ஈப்போ மூத்த ஓட்டக்காரர்

தாதி அம்மா சொன்னதில் ஒன்றை நான் ஏற்கமாட்டேன். தூக்கம் வராமல் இரண்டு மணி நேரம் படுத்துக் கிடப்பது சித்திரவதை. இருபது நிமிடம் பார்க்க வேண்டும், வரவில்லையா, எழுந்துவிட வேண்டும். மங்கலான விளக்கில் நாற்காலியில் உட்காருங்கள். கைப்பேசியைத் தொடாதீர்கள். பழைய ஆனந்த விகடன் ஏதாவது புரட்டுங்கள், கண் சொக்கினால் மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். எனக்கு டாக்டரே சொன்ன முறை இது. வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பதும் நல்லது, ஆனால் படுக்கிற நேரத்தில் குளிக்காமல் ஒரு மணி நேரம் முன்னால் குளிக்க வேண்டும். குளித்த பிறகு உடம்புச் சூடு இறங்கும்போதுதான் தூக்கம் வரும். ஏர்கானை முன்கூட்டியே போட்டு அறையைக் குளிர வைத்துவிடுங்கள். பாலத்தில் ஓடியபோது ஒருமுறை நானும் தூங்கவில்லை, நடுப்பாலத்து ஏற்றத்தில் கொட்டாவி விட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பட்டர்வொர்த் தாதி

ஐயா, குளியல் சரி. இருபது நிமிட முறை தினமும் தூக்கம் வராதவர்களுக்கு. படுக்கையைப் பார்த்தாலே விழிப்பு வரும் பழக்கத்தை உடைக்க அது நல்ல வழி. இது ஒரே ஒரு மாலை. பிறகு பல மணி நேரம் காலில் நிற்கப் போகிறவர் படுத்திருந்தாலே காலுக்கு ஓய்வு.

கிள்ளான் அண்ணா, போட்டி தோறும் வாந்தி என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். காலடி வரிசையை விட்டுவிடச் சொல்லாதீர்கள்.

ஈப்போ மூத்த ஓட்டக்காரர்

காலுக்கு ஓய்வு சரிம்மா, மனசுக்கு? படுத்தே கிடந்தால் எனக்குப் பதற்றம் கூடத்தான் செய்கிறது. நான் நாற்காலிதான்.

பாயான் பாரு ஓட்டக்காரன்

அக்கா, அப்படியென்றால் வெள்ளி இரவு சீக்கிரம் படுத்து, சனி காலை பத்து மணி வரை தூங்கி எடுக்கலாமா?

பட்டர்வொர்த் தாதி

வெள்ளி அரை மணி, ஒரு மணி முன்னால் படுங்கள், போதும். சனி காலை வழக்கமான நேரத்துக்கே எழுந்துவிடுங்கள். பத்து வரை தூங்கினால் மதியம் ஒன்றரைக்குத் தூக்கம் வராது, திரும்பவும் எட்டு மணிக்கு ஊக்கும் கையுமாக நிற்பீர்கள்.