கிரிப்கியின் ‘அடிப்படையற்ற வாக்கியம்’: வேறு சொல் உண்டா?

மொழிபெயர்ப்பாளர்: அமெரிக்கத் தத்துவ அறிஞர் சால் கிரிப்கி 1975-இல் எழுதிய உண்மைக் கோட்பாட்டைப் பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘இந்த வாக்கியம் பொய்’ என்ற பொய்யர் புதிர் வாக்கியத்துக்கு அவர் தரும் ‘ungrounded’ என்ற பெயரை ‘அடிப்படையற்றது’ என்று எழுதியிருக்கிறேன். உறுத்துகிறது.

தருக்கம் நடத்துபவர்: உறுத்தத்தான் செய்யும். ‘அடிப்படையற்ற குற்றச்சாட்டு’ என்றால் பொய் என்றே பொருள்படும். கிரிப்கி சொல்வது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. ‘பனி வெண்மையானது’ என்பதை உலகமே முடிவு செய்கிறது. ‘அது உண்மை’ என்ற வாக்கியம் அடுத்த படியில் முடிவாகும். இப்படிப் படிப்படியாக ஏறி, புதிதாக எதுவும் சேராத இடத்தில் நிற்கிறோம். அங்கும் உண்மை, பொய் என்ற மதிப்புப் பெறாதவையே கிரிப்கி சொல்லும் இந்த வாக்கியங்கள்.

மாணவர்: தன்னைச் சுட்டும் வாக்கியங்களைத் தடை செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்ததே? ‘தற்சுட்டு வாக்கியம்’ போதாதா?

தருக்கம் நடத்துபவர்: ‘இந்த வாக்கியத்தில் ஐந்து சொற்கள் உள்ளன’ என்பதும் தற்சுட்டுதான் தம்பி. எண்ணிப் பாருங்கள், உண்மை. பலகையில் ‘இப்பலகையில் உள்ளவை எல்லாம் பொய்’ என்று எழுதுங்கள். கீழே ‘2+2=4’ என்றிருந்தால் முதல் வாக்கியம் வெறும் பொய், அவ்வளவுதான். ‘2+2=5’ என்று மாற்றினால் அதே வாக்கியம் புதிராகிவிடும். வாக்கியத்தைப் பார்த்து மட்டும் தடை போட முடியாது.

தமிழாசிரியர்: முதலில் ‘உண்மை’யை விட்டுவிட்டு ‘வாய்மை’ என்று எழுதுங்கள். உள்ளம், வாய், மெய் என மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்த மொழி நம்முடையது. வாக்கியம் வாயிற் பிறப்பது.

மொழிபெயர்ப்பாளர்: ஐயா, ‘பொய்மையும் வாய்மை யிடத்த’ என்கிறது குறள். நன்மை தரும் பொய்யும் அதில் அடங்கிவிடும். இங்கே அது பொருந்தாது.

தமிழாசிரியர்: சரி, விடுகிறேன். ‘அடிப்படையற்ற’ என்பதற்கு ‘ஊன்றாத வாக்கியம்’ வையுங்கள். ஊன்றுதல் என்றால் நிலத்தில் பதிந்து நிற்பது. ஊன்றுகோல், காலூன்றுதல் எல்லாம் அதே வேர்.

பள்ளி ஆசிரியர்: என் வகுப்பில் ‘முரண் வாக்கியம்’ என்றுதான் சொல்கிறேன். உடனே புரிகிறது.

தருக்கம் நடத்துபவர்: ‘இந்த வாக்கியம் உண்மை’ என்பதை என்ன செய்வீர்கள் அம்மா? உண்மை என்று வைத்தாலும் பொருந்தும், பொய் என்று வைத்தாலும் பொருந்தும். முரண் இல்லை, ஆனாலும் அது ஊன்றாதது. பொய்யர் வாக்கியத்துக்கோ எதை வைத்தாலும் இடிக்கும். ‘முரண்’ இரண்டாவதற்கு மட்டுமே.

பள்ளி ஆசிரியர்: பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு ‘ஊன்றாத’ என்றால் விளக்கம் கேட்கும். எனக்கு ஒப்புதல் இல்லை.

மொழிபெயர்ப்பாளர்: இருவர் ‘ஊன்றாத’ என்கிறீர்கள். அதையே அனுப்புகிறேன்.

மாணவர்: அப்புறம் ஒன்று. ‘இந்த வாக்கியம் பொய் அல்லது ஊன்றாதது’ என்று எழுதினால்? ஊன்றாதது என்றால், அது சொல்வது சரியாகிவிடுகிறதே?

தருக்கம் நடத்துபவர்: ஆமாம். ‘ஊன்றாதது’ என்ற சொல்லையே அந்த மொழிக்குள் வைக்க முடியவில்லை; மேலே இன்னொரு மொழியிலிருந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மொழியின் உண்மையை அதற்கு மேலுள்ள மொழியில்தான் பேச முடியும் என்ற தருக்கவியலாளர் தார்ஸ்கியின் மொழி அடுக்கிலிருந்து முழுதாகத் தப்பவில்லை என்று கிரிப்கியே ஒத்துக்கொள்கிறார். பாடத்தில் அந்தப் பத்தியை வெட்டிவிடாதீர்கள்.