ஃப்ளையிங் கீஸ்: முனை நடுவில் நிற்கவில்லை

குயில்ட்டுக்காக, நான்கு நான்காகத் தைக்கும் முறையில் 2 × 4 அங்குல ஃப்ளையிங் கீஸ் செய்கிறேன்: நடுவில் வாத்து என்னும் பெரிய முக்கோணம், இரு பக்கமும் இறக்கை என்னும் சிறு முக்கோணங்கள். தையலுக்கான ஓரமும் சேர்த்து, வெட்டி முடித்தால் 2½ × 4½ வர வேண்டும். பெரிய சதுரம் 5¼, சிறியவை 2⅞. இரண்டு வாரத்தில் 12 பெரிய சதுரம், அதாவது 48 வாத்து. எல்லாவற்றிலும் முனை ⅛ அங்குலம் வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. கடைசியாகத் தைத்த இறக்கை எப்போதும் அந்தப் பக்கம்தான்!

கால் அங்குல ஃபுட்டில் ஒரு நூல் குறைத்துத் தைத்தேன், மாறவில்லை. 5½, 3 எனப் பெரிதாக வெட்டியும் பார்த்தேன். துணி மிஞ்சியது, அவ்வளவுதான். 45 பாகைக் கோட்டைத் தையலில் வைத்து, முனைக்கு மேல் கால் அங்குலம் விட்டு வெட்டினால் வலது கீழ் மூலையில் தையல் மூலையைத் தொடுவதில்லை.

ஒரு சந்தேகம்: முதல் இரு சதுரங்களைத் தைத்து, குறுக்கே வெட்டி, இறக்கைகளை விரித்து இஸ்திரி போடும்போது இதய வடிவத் துண்டின் நடுப் பள்ளம் லேசாக இழுபட்ட மாதிரி தெரிகிறது. நீராவி பயன்படுத்துவேன்.

அடுத்த சிறு சதுரத்தை மூலையில் வைக்கும் முன், அந்தத் துண்டு நேராக இருக்கிறதா என்று எதை வைத்துச் சரிபார்ப்பீர்கள்?