குழித்தறியை மூன்றாம் மாடிக்கு ஏற்ற முடியுமா?

கரையோரவாசி: சேலத்தில் திருமணிமுத்தாற்றை ஒட்டிய எங்கள் தெருவில் 60 வீடுகள் இருக்கின்றன. எல்லோரையும் நகருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. இருக்கும் இடத்திலேயே பட்டாவும் சாக்கடையும் கேட்பதா, மாடி வீட்டுக்குச் சம்மதிப்பதா?

பெரமனூர்க்காரர்: சம்மதிப்பதே நல்லது. ஆற்றில் நீர் ஏறும்போது கரையோரச் சாக்கடை வடியாது. வெளியே போக வேண்டிய கழிவுநீர் வீட்டுக்குள்தான் எதிர்த்து வரும். அங்கே எத்தனை முறை சிமெண்ட் பூசினாலும் அந்த மட்டம் மாறப் போவதில்லை. மாடி வீட்டில் தனிக் கழிப்பறை உண்டு, ஒதுக்கீடும் பெரும்பாலும் பெண் பெயரில் வருகிறது. தூரம் ஒரு குறையாகத் தெரியவில்லை. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமே இல்லையே.

சட்ட மாணவர்: யாரும் நகர வேண்டியதில்லை. மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டினால் எந்த அதிகாரியும் கை வைக்க முடியாது.

ஓய்வுபெற்ற நில அளவர்: தம்பி, அந்தத் தீர்ப்பைக் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். உரிமையை ஏற்றுக்கொண்ட அதே நீதிமன்றம், முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றுதான் முடித்தது. மழைக்காலம் கழியட்டும் என்று அவகாசம் தந்தது, அவ்வளவே. அதை நம்பி இந்தத் தெருவைச் சண்டைக்கு அனுப்பாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் காலடி மண் பதிவேட்டில் என்னவாக இருக்கிறது என்பதை. நகர நில அளவைப் பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேராக குடியிருப்புக்கு ஒதுக்கிய நத்தமா, ஆட்சேபணையற்ற புறம்போக்கா, நீர்நிலைப் புறம்போக்கா என்று எழுதியிருக்கும். முதல் இரண்டு வகையில் பட்டா கேட்க வழி உண்டு. ஆற்றுப் புறம்போக்கு என்று இருந்தால் எந்த வட்டாட்சியரும் பட்டா தர மாட்டார். நீர்நிலை விஷயத்தில் நீதிமன்றங்கள் மிகக் கண்டிப்பாக இருக்கின்றன. மின் இணைப்பும் வீட்டு வரி ரசீதும் நீங்கள் அங்கே குடியிருப்பதைக் காட்டுமே தவிர, மண்ணை உங்களுடையதாக்காது. பலர் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பி மெமோவும் அப்படித்தான். அது ஆக்கிரமிப்புக்கு விதித்த தண்டத்தீர்வைக் காகிதம். ஆனாலும் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது, தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

நான் வேலையில் இருந்தவரை பார்த்தது என்னவென்றால், இப்படிப்பட்ட தெரு ஒருபோதும் ஒரே வகை மண்ணில் நிற்பதில்லை. ஒரு பேச்சுக்கு, தெருவைப் பார்த்த 38 வீடுகள் நத்தத்தில் இருக்கும், பின் வரிசையில் 22 வீடுகள் ஆற்றுக்குள் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். முன் வரிசையிலேயே சில வீடுகளின் சமையலறை மட்டும் ஆற்று எல்லையைத் தாண்டியிருக்கும். எல்லைக் கல்லைத் தேடி அளக்காமல் ‘60 ஆக்கிரமிப்புகள்’ என்று ஒரே பட்டியல் போட்டுவிட்டால், பட்டா பெறத் தகுதியுள்ள 38 குடும்பங்களும் லாரியில் ஏற்றப்படும். பட்டா இருந்தால்தான் சொந்த இடத்தில் வீடு கட்டிக்கொள்ள ஒன்றிய அரசு தரும் 1.5 லட்சத்துக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால், அவர்களுக்கு இது இரட்டை நஷ்டம். ஆகவே நில அளவைக்குக் கூட்டாக மனுக் கொடுத்து, கல் நடும்போது எல்லோரும் உடன் நில்லுங்கள்.

பெரமனூர்க்காரர்: பட்டா கொடுத்தால் அடுத்த ஆண்டே விற்றுவிட்டு வேறு கரைக்குப் போய்விடுவார்களே, ஐயா?

ஓய்வுபெற்ற நில அளவர்: சிலர் விற்பார்கள், மறுக்கவில்லை. ஒடிசாவில் 2017-இல் கொண்டுவந்த சட்டத்தைப் பாருங்கள்: அந்த நில உரிமை வாரிசுக்குப் போகும், வீட்டுக் கடனுக்கு அடமானம் வைக்கலாம், ஆனால் விற்க முடியாது. விற்பனைதான் பயமென்றால் அதற்கு நிபந்தனை எழுதலாம். அதற்காக ஊரையே பெயர்க்க வேண்டாம்.

குகை நெசவாளி: பேருந்து இலவசம் என்று சொன்ன அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் வெண்பட்டு வேட்டி நெய்யும் குழித்தறி இருக்கிறது. காலைக் குழிக்குள் விட்டு மிதிபலகையை மிதிக்க வேண்டும். மண்ணின் ஈரம் குழிவழியாக ஏறி இழையை அறுந்துபோகாமல் வைத்திருக்கும். மூன்றாம் மாடியில் எங்கே குழி வெட்டுவது? பாவு நூலை நீளமாக விரிக்கப் பாவடித் திடலும், நாலு பேர் கையும் வேண்டும். பக்கத்து வீட்டில் வெள்ளிக் கொலுசுக்கு மணி கோர்க்கிறார்கள். பட்டறைக்காரர் காலையில் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து மாலையில் நிறுத்து வாங்குகிறார். கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீடு என்பதால்தான் அந்த நம்பிக்கை. இந்த வேலைகளுக்குப் பேருந்தில் போய் வர முடியாது, ஏனென்றால் வீடுதான் வேலை செய்யும் இடம்.

பெரமனூர்க்காரர்: குழி இல்லாத சட்டத்தறியும் உண்டுதானே? அதை மாடியில் போட்டுக்கொள்ளலாம்.

குகை நெசவாளி: போடலாம். கூடத்தை அது விழுங்கிவிடும், ஒவ்வொரு அடிக்கும் கீழ்வீட்டுக் கூரை அதிரும், கோடையில் காங்கிரீட் சூட்டில் இழை அறுந்துகொண்டே இருக்கும். என் அத்தை மகன் அப்படி ஒன்றரை வருடம் நெய்து பார்த்துவிட்டுத் தறியைப் பிரித்து விற்றார். இப்போது ஒரு கடையில் காவலுக்கு இருக்கிறார். ஆனால் கழிப்பறை வந்த பிறகு அவர் மனைவிக்குத் திரும்பி வர மனமில்லை என்பதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஏற்காட்டுக்காரர்: எங்கள் காபித் தோட்ட லைன் வீட்டிலும் இதே நிலைதான். அப்பா ஓய்வு பெற்றதும் காலி செய்யச் சொன்னார்கள். அரசு வாரியம் கட்டும் அடுக்குமாடி வீட்டுக்கு நாங்களும் மனுப் போடலாமா?

ஓய்வுபெற்ற நில அளவர்: அது வேறு கதை, ஐயா. உங்கள் வீடு 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வேலையோடு வந்தது, நிலம் முதலாளியுடையது. தனிக் கேள்வியாகக் கேளுங்கள், பேசலாம்.

கரையோரவாசிக்குத் திரும்புகிறேன். ஆற்றுக்குள் இருக்கும் வீடுகளைக் காப்பாற்ற முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். பெரமனூர்க்காரர் சொன்ன வெள்ள மட்டம் உண்மைதான். ஆனால் மாற்றும் இடமும் மேடாக இருக்கிறதா என்று மழை நாளில் போய்ப் பாருங்கள்; சென்னையில் செம்மஞ்சேரிக்கு மாற்றப்பட்டவர்கள் 2015-இல் அங்கேயும் வெள்ளத்தில் நின்றார்கள். ஆற்றுக்குள் இருக்கும் வீடுகளுக்கு மாற்றாக அருகிலேயே அரசு நிலம் கேளுங்கள். அதுவும் இல்லாமல் மாடிதான் என்றால், தறி உள்ள குடும்பங்களுக்குத் தரைத்தளம் வேண்டும் என்பதையும், தளம் போடுவதற்கு முன்பே குழிக்கு இடம் விட வேண்டும் என்பதையும் கணக்கெடுப்பின்போதே எழுத்தில் கொடுங்கள். வீடு ஒதுக்கும் குலுக்கல் நடந்த பிறகு கேட்டால் யாராலும் மாற்ற முடியாது.

கரையோரவாசி: நேற்று மாலை வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தேன். பின் வரிசையில் 9 வீடுகளில் தறி இருக்கிறது. அதே வரிசையில் நடக்க முடியாத முதியவர்கள் உள்ள வீடுகள் 7, அவர்களுக்கும் தரைத்தளம்தான் வேண்டும். முன் வரிசையில் வாடகைக்கு இருக்கும் 5 குடும்பங்கள், பட்டா வந்தால் அது வீட்டுக்காரர் பெயரில்தானே வரும், எங்களை யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறார்கள். நில அளவை மனுவில் கையெழுத்துப் போட அவர்கள் இன்னும் சம்மதிக்கவில்லை.

சட்ட மாணவர்: அந்த 5 குடும்பங்களின் பெயரை மனுவில் வாடகைதாரர் என்றே தனியாகச் சேர்க்கலாமா, ஐயா?

ஓய்வுபெற்ற நில அளவர்: சேர்க்கலாம். வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.