உதவி தேவை: பழைய போனில் பந்து சுவருக்குள் புகுந்து போகிறது

மதி: செங்கல் உடைக்கும் கேம் செய்கிறேன். என் போனில் ஓரளவு சரியாக ஓடுகிறது, பழைய போனில் பந்து சுவரைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. அவசரம், உதவுங்கள்.

வேலன்: பந்தின் வேகம், சுவரின் தடிமன், எத்தனை பிரேம் ஓடுகிறது? எதுவுமே சொல்லவில்லையே.

கயல்: சுவரைத் தடிமனாக்குங்கள், சரியாகிவிடும்.

சாரதி: எனக்கும் இதேதான். பழைய போனில் என் ஹீரோ குதிக்கும் உயரம் மாறுகிறது.

மூத்தவன்: இதெல்லாம் சொந்தமாக எழுதுவதே வீண். Box2D-ல் `bullet` போட்டால் இரண்டு வரியில் முடிந்தது. அடிப்படை தெரியாமல் இறங்கினால் இப்படித்தான்.

மதி: வேகம் நொடிக்கு 1500 பிக்சல், பந்தின் ஆரம் 8, சுவர் 12. என் போனில் 60 பிரேம், பழையதில் 30. மோதினால் எந்தப் பக்கம் கிட்டமோ அந்தப் பக்கம் தள்ளுகிறேன். என் போனிலும் எப்போதாவது தாண்டுகிறது.

வேலன்: இப்போது புரிகிறது. 30 பிரேமில் பந்து ஒரே தாவலில் 50 பிக்சல் போகிறது. சுவரும் பந்தின் விட்டமும் சேர்த்தே 28தான், அதனால் பல முறை மோதல் கண்ணிலேயே படாது. 60-ல் தாவல் 25. மோதல் தெரியும், ஆனால் பந்தின் மையம் சுவரின் நடுவைக் கடந்திருந்தால் உங்கள் கோடே அதை மறுபக்கம் தள்ளிவிடும். நொடிக்கு 120 முறை என்று நிலையாகக் கணக்கிடுங்கள். தாவல் 12.5 ஆகும், மையம் அதிகபட்சம் 4.5 பிக்சல்தான் உள்ளே போகும், நடு 6-ல் இருக்கிறது.

```
acc += min(dt, 0.25)
while (acc >= STEP) {
  update(STEP)
  acc -= STEP
}
```

அந்த 0.25 முக்கியம். போன் கால் வந்து திரும்பினால் `dt` பல நொடி இருக்கும், அத்தனையையும் ஒரே பிரேமில் ஓட்டப் பார்த்துத் திணறும். சாரதி, உங்கள் குதிக்கும் உயரமும் இதிலேயே சரியாகும்.

மூத்தவன், Box2D-ல் அசையாத சுவருக்கு `bullet` தேவையே இல்லை. அசையும் பொருள்கள் ஒன்றோடொன்று மோதத்தான் அது.

மூத்தவன்: தெரியும். ஆனாலும் 120 முறை கணக்கிடுவது பேட்டரிக்குக் கேடு. பாதையையே கோடாக எடுத்து, சுவரை எங்கே தொடுகிறது என்று பார்ப்பதுதான் முறை.

வேலன்: ஒரு பந்துக்கும் நாற்பது செங்கலுக்கும் அது பெரிய செலவில்லை. வேகம் இரண்டு மடங்கானால் நீங்கள் சொல்வது சரி, தாவல் மறுபடி 25 ஆகிவிடும்.

மதி: தாண்டுவது நின்றுவிட்டது, நன்றி! ஆனால் 90 ஹெர்ட்ஸ் போனில் பந்து நடுங்குகிறது.

வேலன்: அங்கே இரண்டு பிரேமுக்கு ஒவ்வொரு படி, மூன்றாவதற்கு இரண்டு என்று மாறி வருகிறது. ஒவ்வொரு `update`-க்கும் முன் இடத்தை `prev`-ல் வைத்துக்கொண்டு, வரையும்போது மட்டும் இடைப்பட்ட இடத்தில் வரையுங்கள்:

```
draw(prev + (pos - prev) * acc / STEP)
```

மோதல் கணக்கில் இந்த இடத்தைத் தொடவே கூடாது.

கயல்: அப்படியென்றால் படம் ஒரு படி பின்தங்குமே?

வேலன்: ஆமாம், அதிகபட்சம் சுமார் 8 மில்லிநொடி. பந்துக்குப் பரவாயில்லை. விரலோடு நகரும் மட்டையை இப்படி வரையலாமா என்பதில் எனக்கே தயக்கம் உண்டு. மதி, மட்டையை எப்படி நகர்த்துகிறீர்கள்?