ஒரு 16 ஜிபி ரேமா, இரண்டு 8 ஜிபியா?

நண்பர்களே, ஓர் உதவி. என்னிடம் இருப்பது ரைசன் 5 5600ஜி, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. டிடிஆர்4 3200 ரேம், 16 ஜிபி, ஒரே ஸ்டிக்.

கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் 11 ஜிபிக்கு மேல் போவதில்லை, ஆனாலும் திணறுகிறது. அப்படியானால் அளவு போதும், வேகம்தான் போதவில்லை என்று நினைக்கிறேன். உள் கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் நம்பியிருக்கிறது. ஒரு ஸ்டிக்கில் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி; இரண்டு சேனலில் 51.2. சிபியு-இசட்டிலும் ஒரே சேனல்தான் காட்டுகிறது. (கடைக்காரர் "பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்றார்!)

இப்போது இதை விற்றுவிட்டு 8 ஜிபி ஜோடி வாங்கவா, அல்லது இன்னொரு 16 போடவா? வேறு பிராண்டு ஸ்டிக்கைச் சேர்த்து 3200இல் ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? நான்கு ஸ்லாட் போர்டு, இரண்டாவதிலும் நான்காவதிலும் போட்டால் சரிதானே?