இணையத்தில் எடுத்த ஒப்பந்தம்: மென்பொருள் உரிமை யாருக்கு?

வணக்கம். கோவையில் சிறு நிறுவனம் நடத்துகிறேன். 2023இல் தனியாகத் தொழில் செய்யும் ஒரு நிரலாளரிடம் பில்லிங் மென்பொருள் எழுதி வாங்கினேன். இணையத்தில் கிடைத்த அமெரிக்க மாதிரி ஒப்பந்தத்தில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றினேன். நீதிமன்ற வரம்பு பற்றிய பத்தியில் "மாநிலத்தின் பெயரை இங்கே எழுதவும்" என்ற வாசகம்கூட அப்படியே நிற்கிறது. அதற்குக் கீழேதான் இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம்.

பெரிய சிக்கல் வேறு. இது "கூலிக்குச் செய்த படைப்பு", ஆகவே உரிமை எனக்கே என்கிறது அந்த மாதிரி. அது அமெரிக்கச் சட்டத்தின் சொல். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாத ஒருவர் எழுதிய நிரலுக்கு அவரே முதல் உரிமையாளர். எழுத்து மூலம் மாற்றித் தந்தால்தான் நமக்கு வரும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்கிறது 19ஆம் பிரிவு. மென்பொருளை வாங்க வந்திருக்கும் சிங்கப்பூர் நிறுவனமோ உலகம் முழுவதற்குமான உரிமைக்குச் சான்று கேட்கிறது.

நல்லவேளையாக, நிரலாளர் கையெழுத்திடத் தயாராக இருக்கிறார். காலம், நாடுகள், தொகை மூன்றையும் குறிப்பிட்டுப் புதிய உரிமை மாற்றப் பத்திரம் எழுதினால் போதுமா? பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டுமா? முத்திரைக் கட்டணம் எப்படி? இத்தகைய பத்திரம் எழுதிய வழக்கறிஞர்கள் இருந்தால் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.