வயர்லெஸ்ஸில் வந்த ஒரே ஒரு "ஆமா"

காசிமேடு_பையன்:
எங்கள் மாமா விசைப்படகு டிரைவர். போன வருஷம் ஒரு ராத்திரி, மொட்டை மாடியில் இருக்கும் வயர்லெஸ் செட்டில் நான் கேட்டேன்: "மாமா, வலை தூக்கிட்டீங்களா? கரைக்குக் கிளம்புறீங்களா?" பட்டனை விட்டதும் அவர் குரல் தெளிவாக வந்தது. "ஆமா." அவ்வளவுதான். அப்புறம் கரகரப்பு.

நான் ஏலக்காரருக்குப் போன் போட்டேன், மீன் இறக்க நாலு பேருக்குச் சொன்னேன். அத்தை விடியற்காலை மூணு மணிக்கே துறைமுகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். விடிந்தது, ஏலம் முடிந்தது, படகு வரவில்லை. அத்தை ஒரு வாய் டீ கூடக் குடிக்கவில்லை, தடுப்புச் சுவரைப் பிடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியம்தான் படகு வந்தது. வலை பாறையில் சிக்கியிருக்கிறது. தள்ளி நின்ற இன்னொரு படகு, "வலை சிக்கிக்கிச்சா?" என்று கேட்டதற்குத்தான் மாமா "ஆமா" சொன்னாராம். என் கேள்வி அவருக்குக் கேட்கவே இல்லை. அந்தப் படகின் கேள்வி எனக்குக் கேட்கவில்லை.

இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

தண்டையார்பேட்டை_சுமதி:
எனக்கு வாட்ஸ்அப்பில் தினமும் நடக்கிறது. பள்ளி வேன் குரூப்பில் புதுசாகச் சேர்ந்த அன்று முதலில் பார்த்ததே "சரி", "சரி", "ஓகே மேடம்" என்று பதினைந்து பதில்கள். கேள்வி நான் சேர்வதற்கு முன்னால் போட்டது, எனக்குத் தெரியவில்லை. நானும் "சரி" போட்டுவிட்டேன். சனிக்கிழமை வேன் கிடையாது என்பதற்குச் சம்மதம் சொல்லியிருக்கிறேன்! பிள்ளை யூனிபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

ராயபுரம்_செல்வம்:
தம்பி, உங்கள் செட்டில் பவர் போதவில்லை. 25 வாட் செட் வாங்கினால் எல்லாம் கேட்கும்.

திருவொற்றியூர்_மாலுமி:
செல்வம் அண்ணன் சொல்வது பாதி சரி. பவர் கூடினால் நாம் பேசுவது பலமாகப் போகும். ஆனால் நமக்குக் கேட்பது அதிகமாகாது. இந்த ரேடியோ அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும், கடலின் வளைவுக்கு அப்பால் இறங்காது. அதனால் ஆன்டெனா உயரம்தான் கணக்கு. மாடி ஆன்டெனா 9 மீட்டர், படகில் 4 மீட்டர் என்று வைத்தால் சுமார் 11 கடல் மைல் வரை பேசலாம். இரண்டு படகுகளுக்கு இடையே சுமார் 9 மைல். உங்கள் மாமா 10 மைலில், மற்ற படகு அவருக்கும் அப்பால் 8 மைலில் நின்றிருந்தால், மாமாவுக்கு இரண்டு பேர் குரலும் கேட்கும். உங்களுக்கு மாமா மட்டும்தான்.

உங்கள் கேள்வி ஏன் அவருக்கு எட்டவில்லை? நீங்களும் அந்த மற்ற படகுக்காரரும் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கியிருப்பீர்கள். அமுக்கியிருக்கும்போது நமக்கு எதுவும் கேட்காது. கடல் செட்டில் இரண்டு குரல் மோதினால் பலமானது மட்டும் தெளிவாக வரும், மற்றது அடையாளமே இல்லாமல் போய்விடும்.

விமான செட் வேறு மாதிரி, மோதினால் கீச்சென்று சத்தம் வரும். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு விமான நிலையம். ஓடுபாதையில் நின்ற விமானி புறப்படுவதாகச் சொன்னார். கோபுரத்திலிருந்து "ஓகே" என்றார்கள், சற்று விட்டு "காத்திருங்கள், நானே கூப்பிடுகிறேன்" என்றார்கள். அதே நொடி இன்னொரு விமானமும் பேசியதால், புறப்பட்ட விமானத்தில் தெளிவாகக் கேட்டது அந்த "ஓகே" மட்டும்தான். மீதி கீச்சொலியில் போய்விட்டது. இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள்.

கப்பலில் எங்களுக்குப் பழக்கியது இதுதான்: "யெஸ்" என்று நிறுத்தாதே, கேட்டதை முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்.

காசிமேடு_பையன்:
எங்கள் ஆயா அப்படித்தான் பேசுவார். "சாப்ட்டியா?" என்றால் "சாப்ட்டேன்", ஒருநாளும் "ஆமா" வராது. மாமா "சிக்கிக்கிச்சு" என்று சொல்லியிருந்தால் எனக்கு அந்த நிமிஷமே விஷயம் தெரிந்திருக்கும்.

தண்டையார்பேட்டை_சுமதி:
"கிளம்பலையா?" என்று கேட்டு "ஆமா" வந்தால் இன்னும் மோசம். கிளம்பவில்லை என்பதற்கு ஆமாவா, கிளம்பிவிட்டேன் என்பதற்கா? என் வீட்டுக்காரரிடம் இப்போது "எங்க இருக்கீங்க?" என்று மட்டும்தான் கேட்கிறேன்.

திருவொற்றியூர்_மாலுமி:
வயர்லெஸ்ஸிலும் அதுவே நல்லது. ஆமா, இல்லை என்று முடிகிற கேள்வியே வேண்டாம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "எத்தனை மணிக்குக் கரை?" என்று கேளுங்கள். அதற்கு "ஆமா" என்று பதில் வந்தால், அது உங்களுக்கு வந்தது இல்லை.

ராயபுரம்_செல்வம்:
ஒரே நேரத்தில் அமுக்கியது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? மாமா இன்ஜின் சத்தத்தில் கவனிக்காமலும் இருந்திருக்கலாமே.

காசிமேடு_பையன்:
மாமாவிடமே கேட்டேன் அண்ணா. அந்த நேரம் ரோப் இழுத்துக்கொண்டிருந்தாராம், ஒரு குரல்தான் கேட்டது என்கிறார். மற்ற படகுக்காரர் எத்தனை முறை கூப்பிட்டார் என்பது அவருக்கு ஞாபகம் இல்லை.